மோதலற்ற பரீட்சை அட்டவணையும் இருக்கைத் திட்டமும்

ஒரே மாணாக்கருக்கு ஒரே வேளையில் இரண்டு பரீட்சைகள் அமைந்துவிடுவதை மோதல் என்று கூறுவோம். மோதல் நேர்ந்ததைப் பெரும்பாலும் அட்டவணையைத் தயாரித்தவர் முதலில் காண்பதில்லை; அறிவிப்புப் பலகையின் முன் நிற்கும் மாணாக்கரே காண்கிறார். அவர் சொல்லத் தயங்கினாலோ, கடைசி நாளில் சொன்னாலோ, ஒரு பாடத்தை இழக்க நேரிடும். ஆகையால், மோதல் இல்லை என்பதை அட்டவணை வெளிவருமுன் உறுதிசெய்வது அதைத் தயாரிப்பவரின் கடமையாகும். இக்கட்டுரையில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் பதினோராம் வகுப்பை உதாரணமாகக் கொண்டு, அட்டவணையையும் இருக்கைத் திட்டத்தையும் தாளும் பென்சிலும் கொண்டே அமைக்கும் முறையை விளக்குவோம்.

1. பாடச் சேர்க்கைகள்

நமது உதாரண வகுப்பில் 96 மாணாக்கர் உளர். ஒவ்வொருவரும் ஐந்து பாடங்களில் பரீட்சை எழுதுகின்றனர். ஆங்கிலம் அனைவருக்கும் பொது. மற்ற நான்கு பாடங்களைப் பொறுத்து அவர்கள் ஏழு தொகுதிகளாகப் பிரிகின்றனர்:

அ (30 பேர்): பௌதிகம், ரசாயனம், கணிதம், கணினியியல்
ஆ (18 பேர்): பௌதிகம், ரசாயனம், உயிரியல், இந்தி
இ (9 பேர்): பௌதிகம், ரசாயனம், கணிதம், உயிரியல்
ஈ (14 பேர்): கணக்குப்பதிவு, வணிகவியல், பொருளாதாரம், கணிதம்
உ (12 பேர்): சரித்திரம், அரசியல், பூகோளம், பொருளாதாரம்
ஊ (10 பேர்): சரித்திரம், அரசியல், பூகோளம், இந்தி
எ (3 பேர்): பௌதிகம், ரசாயனம், கணிதம், பொருளாதாரம்

வழக்கமாக நிகழும் தவறு இவ்விடத்திலேயே தொடங்குகிறது. அட்டவணை தயாரிப்பவர், 'விஞ்ஞானப் பிரிவு, வணிகப் பிரிவு, கலைப் பிரிவு' என்று மூன்று பிரிவுகளை மட்டும் மனத்தில் கொண்டு, விஞ்ஞானப் பாடம் ஒன்றையும் மற்றப் பிரிவின் பாடம் ஒன்றையும் ஒரே வேளையில் வைக்கலாம் என்று கருதிவிடுகிறார். பௌதிகத்தையும் பொருளாதாரத்தையும் ஒரே நாளில் வைப்பது அவருக்கு இயல்பாகத் தோன்றும். 93 மாணாக்கருக்கு அதனால் இடையூறு ஒன்றும் இல்லை. 'எ' தொகுதியிலுள்ள மூவரே அகப்பட்டுக்கொள்கின்றனர். எனவே, பிரிவின் பெயரைக் கொண்டு திட்டமிடலாகாது. ஒவ்வொரு மாணாக்கரும் பதிவுசெய்துள்ள பாடங்களைக் கொண்டே திட்டமிடவேண்டும். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025-ஆம் ஆண்டுப் பரீட்சைக்குரிய தேதிப் பட்டியலை வெளியிட்டபோது, 40,000-க்கும் மேற்பட்ட பாடச் சேர்க்கைகளைக் கருத்திற்கொண்டு அதை அமைத்ததாக அறிவித்தது. அங்கும் அடிப்படை ஒன்றே: கணக்கில் வரவேண்டியது பிரிவு அன்று, சேர்க்கை.

2. மோதல் அட்டவணை

பாடங்கள் 13. இவற்றை இரண்டிரண்டாக எடுத்தால் 78 இணைகள் கிடைக்கும். ஒவ்வோர் இணைக்கும், இரண்டையும் எழுதும் மாணாக்கர் எத்தனை பேர் என்று எண்ணவேண்டும். ஒருவரேனும் இருந்தால் அவ்விரு பாடங்களும் மோதும் பாடங்கள். ஒருவரும் இல்லையெனில் அவற்றை ஒரே வேளையில் வைக்கலாம்.

பெயர்ப் பட்டியல் கணினி விரிதாளில் இருக்குமாயின் எண்ணும் வேலை எளிது. மாணாக்கருக்கு ஒரு வரிசையும் பாடத்திற்கு ஒரு நிரலுமாக வைத்து, எழுதும் பாடத்தில் 1 என்றும், எழுதாத பாடத்தில் 0 என்றும் குறிக்கவேண்டும். B நிரலில் பௌதிகமும் C நிரலில் பொருளாதாரமும் இருப்பதாகக் கொண்டால், இரண்டையும் எழுதுவோர் தொகையைப் பின்வரும் சூத்திரம் தரும்:

```
=SUMPRODUCT(B2:B97,C2:C97)
```

நமது வகுப்பில் இதன் விடை 3.

இவ்வாறு எண்ணினால் 78 இணைகளில் 41 மோதும் இணைகள் என்று தெரியவரும். இதைப் படமாகவும் வரையலாம். ஒவ்வொரு பாடத்திற்கும் ஒரு புள்ளி இட்டு, மோதும் பாடங்களைக் கோட்டால் இணைத்துவிட்டால், நமது பிரச்சினை வேறொரு வடிவம் பெறுகிறது: கோட்டால் இணைந்த இரு புள்ளிகள் ஒரே நிறம் பெறாதவாறு எல்லாப் புள்ளிகளுக்கும் நிறமிடவேண்டும், நிறங்களின் எண்ணிக்கை குறைவாக இருக்கவேண்டும். இங்கே நிறம் என்பது வேளையைக் குறிக்கும்.

3. நிறமிடும் முறை

1967-ஆம் ஆண்டில் வெல்ஷ், பவல் என்னும் இரு ஆராய்ச்சியாளர் கால அட்டவணைகளை முன்னிட்டு ஓர் எளிய முறையை வெளியிட்டனர். அதிகமான பாடங்களோடு மோதும் பாடத்தை முதலில் எடுக்கவேண்டும் என்பது அதன் சாரம். அதற்கு இடம் கிடைப்பதுதான் கடினம். குறைவாக மோதும் பாடங்களைப் பின்னர் எங்கேனும் பொருத்திவிடலாம்.

நமது பாடங்கள் ஒவ்வொன்றும் எத்தனை பாடங்களோடு மோதுகின்றன என்று பார்ப்போம். ஆங்கிலம் 12; பொருளாதாரம் 9; கணிதம் 8; பௌதிகம், ரசாயனம், இந்தி ஆகியவை தலா 7; உயிரியல், சரித்திரம், அரசியல், பூகோளம் ஆகியவை தலா 5; கணினியியல், கணக்குப்பதிவு, வணிகவியல் ஆகியவை தலா 4. இவ்வரிசையிலேயே ஒவ்வொன்றாக எடுத்து, மோதல் இல்லாத முதல் வேளையில் வைப்போம்.

ஆங்கிலம் முதல் வேளையில் அமைகிறது. பொருளாதாரம் அதனோடு மோதுவதால் இரண்டாம் வேளைக்குச் செல்கிறது. கணிதம் இவ்விரண்டோடும் மோதுகிறது. எனவே மூன்றாம் வேளை. அவ்வாறே பௌதிகம் நான்காம் வேளைக்கும், ரசாயனம் ஐந்தாம் வேளைக்கும் செல்கின்றன. இந்தி பொருளாதாரத்தோடு மோதுவதில்லை; ஆகவே அதை இரண்டாம் வேளையில் சேர்க்கலாம். அடுத்தது உயிரியல். அது ஆங்கிலம், இந்தி, கணிதம், பௌதிகம், ரசாயனம் ஆகிய ஐந்தோடும் மோதுகிறது. இவை ஐந்தும் ஐந்து வேறு வேளைகளில் உள்ளன. ஆகையால் ஆறாம் வேளை ஒன்றைத் திறக்கவேண்டியுள்ளது. சரித்திரம் கணிதத்தோடு மூன்றாம் வேளையிலும், அரசியல் பௌதிகத்தோடு நான்காம் வேளையிலும், பூகோளம் ரசாயனத்தோடு ஐந்தாம் வேளையிலும் அமைகின்றன. எஞ்சியவற்றுள் கணினியியல் இரண்டாம் வேளைக்கும், கணக்குப்பதிவு நான்காம் வேளைக்கும், வணிகவியல் ஐந்தாம் வேளைக்கும் செல்கின்றன. முடிவு இதுவாகும்:

வேளை 1: ஆங்கிலம் (96 பேர்)
வேளை 2: பொருளாதாரம் 29, இந்தி 28, கணினியியல் 30 (மொத்தம் 87)
வேளை 3: கணிதம் 56, சரித்திரம் 22 (மொத்தம் 78)
வேளை 4: பௌதிகம் 60, அரசியல் 22, கணக்குப்பதிவு 14 (மொத்தம் 96)
வேளை 5: ரசாயனம் 60, பூகோளம் 22, வணிகவியல் 14 (மொத்தம் 96)
வேளை 6: உயிரியல் (27 பேர்)

மொத்தங்களைக் கூட்டினால் 480 வருகிறது. 96 மாணாக்கர் ஐந்தைந்து பாடம் எழுதுவதாலும் 480-தான் வரவேண்டும். இக்கூட்டல் ஒத்துவராவிடின் எங்கோ ஒரு பாடமோ ஒரு மாணாக்கரோ விடுபட்டுவிட்டதாகக் கொள்ளவேண்டும்.

4. ஐந்து வேளைகள் போதாவோ?

ஒவ்வொருவருக்கும் ஐந்து பரீட்சைகளே இருக்க, ஆறு வேளைகள் ஏன் என்று மேலதிகாரி வினவக்கூடும். முறையின் குறையால் ஒரு வேளை மிகுந்துவிட்டதா, அன்றிப் பாடச் சேர்க்கைகளே அதைக் கட்டாயமாக்குகின்றனவா என்பதை ஆராய்ந்தே விடைகூற வேண்டும்.

ஐந்து வேளைகளே உள்ளன என்று கொள்வோம். 'உ' தொகுதியினர் எழுதும் ஆங்கிலம், சரித்திரம், அரசியல், பூகோளம், பொருளாதாரம் ஆகிய ஐந்தும் ஐந்து வேளைகளையும் நிரப்பிவிடும். 'ஊ' தொகுதியினர் இவற்றுள் முதல் நான்கோடு இந்தியையும் எழுதுகின்றனர். ஆதலால் இந்திக்கு எஞ்சியிருப்பது பொருளாதாரத்தின் வேளை ஒன்றே. இனி 'இ' தொகுதியைப் பார்ப்போம். அவர்களுடைய ஆங்கிலம், பௌதிகம், ரசாயனம், உயிரியல், கணிதம் ஆகியவையும் ஐந்து வேளைகளை நிரப்பும். 'ஆ' தொகுதியினர் இவற்றுள் முதல் நான்கோடு இந்தியை எழுதுவதால், இந்தி கணிதத்தின் வேளையில்தான் அமையவேண்டும். அப்படியாயின், இந்தி, பொருளாதாரம், கணிதம் ஆகிய மூன்றும் ஒரே வேளைக்கு வந்துவிடுகின்றன. ஆனால் 'ஈ' தொகுதியினர் 14 பேரும் 'எ' தொகுதியினர் மூவரும் கணிதம், பொருளாதாரம் இரண்டையும் எழுதுபவர்கள். ஆகவே ஐந்து வேளைகளில் மோதலற்ற அட்டவணை அமைப்பது இயலாது. ஆறே மிகக் குறைந்த எண்ணிக்கையாகும்.

இங்ஙனம் நிறுவிக் காட்டுவது எப்பொழுதும் இயல்வதன்று. பாடங்கள் நூற்றுக்கணக்காகப் பெருகும்போது, மிகக் குறைந்த வேளைகளை எந்நிலையிலும் விரைவாகக் கண்டறியும் முறை எதுவும் இதுவரை அறியப்படவில்லை. இது மிகக் கடினமான பிரச்சினைகளின் வகையைச் சேர்ந்தது என்பதைக் கார்ப் என்னும் அறிஞர் 1972-இல் காட்டினார். வெல்ஷ்-பவல் முறை மோதலற்ற அட்டவணையைத் தருவது உறுதி. ஆனால் அது தரும் எண்ணிக்கையே மிகக் குறைந்தது என்பதற்கு உறுதி இல்லை. பாட வரிசையைச் சற்று மாற்றி மறுமுறை செய்துபார்த்தால் சில வேளைகளில் ஒரு வேளை குறைவதுண்டு. 1979-இல் பிரெலாஸ் கூறிய திருத்தமும் பயன்தரும்: தொடக்கத்தில் மட்டும் வரிசை வகுத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு படியிலும் எந்தப் பாடத்திற்கு அதிகமான வேளைகள் அடைபட்டுவிட்டனவோ அதையே அடுத்து எடுக்கவேண்டும் என்பது அது.

5. வேளைகளுக்கு நாட்களைக் குறித்தல்

மேலே தந்த வேளை எண்கள் நாள்வரிசையைக் குறிப்பவை அல்ல. ஆறு வேளைகளையும் எந்த நாளில் வேண்டுமாயினும் வைக்கலாம், மோதல் நேராது. ஆனால் அடுத்தடுத்த நாட்களில் பரீட்சை எழுதும் மாணாக்கருக்கு இடையே படிக்க நாள் இராது. எனவே, அத்தகையோர் தொகையைக் குறைக்குமாறு நாட்களைக் குறிக்கவேண்டும்.

பள்ளிக்குக் கிடைத்த நாட்கள் திங்கள், புதன், வியாழன், சனி, மறு திங்கள், மறு புதன் என்று கொள்வோம். புதனும் வியாழனும் மட்டுமே அடுத்தடுத்து வருகின்றன. எந்த இரு வேளைகளுக்குப் பொதுவான மாணாக்கர் மிகக் குறைவோ, அவ்விரண்டையும் அங்கே வைக்கவேண்டும். வேளை 3, வேளை 6 ஆகிய இரண்டையும் எழுதுவோர் 'இ' தொகுதியினர் 9 பேரே. வேறெந்த இணையிலும் இதைவிடக் குறைவு இல்லை. வேளை 4, 5 இரண்டையும் அவ்விரு நாட்களில் வைத்திருந்தால், 96 பேருமே இடைவெளியின்றி எழுத நேர்ந்திருக்கும். ஆகவே ஆங்கிலம் திங்கள், வேளை 3 புதன், வேளை 6 வியாழன், வேளை 4 சனி, வேளை 2 மறு திங்கள், வேளை 5 மறு புதன் என்று அமைக்கலாம்.

6. இருக்கைத் திட்டம்

ஒவ்வோர் அறையிலும் நான்கு நிரல்களில் ஆறாறு மேசைகள், ஆக 24 இருக்கைகள் உள்ளன என்க. பக்கத்திலும் முன்னும் பின்னும் உள்ளவர் அதே பாடத்தை எழுதலாகாது என்பது விதி. இதற்குச் சதுரங்கப் பலகையைப் போன்று இருக்கைகளைக் கறுப்பு, வெள்ளை என்று மாற்றி மாற்றிக் குறித்துக்கொள்ளவேண்டும். அறைக்குக் கறுப்பு 12, வெள்ளை 12. கறுப்பு இருக்கையின் பக்கத்திலும் முன்பின்னும் இருப்பவை எல்லாம் வெள்ளையே. ஆகையால் ஒரு பாடத்தினரைக் கறுப்பிலும் வேறு பாடத்தினரை வெள்ளையிலும் அமர்த்தினால் விதி தானே நிறைவேறும்.

இதிலிருந்து முக்கியமான ஓர் அளவு பெறப்படுகிறது. அறையை அடுத்தடுத்த இரண்டிரண்டு இருக்கைகளாகப் பிரித்தால் 12 சோடிகள் வரும். ஒரு சோடியில் ஒரே பாடத்தினர் ஒருவருக்கு மேல் அமர முடியாது. எனவே ஓர் அறையில் ஒரே பாடத்தினர் 12 பேருக்கு மேல் அமரவே முடியாது. வேளை 4-ஐ எடுத்துக்கொள்வோம். மொத்தம் 96 பேர். நான்கு அறைகளில் 96 இருக்கைகள் உள்ளன. ஆயினும் பௌதிகம் எழுதுவோர் 60 பேர். நான்கு அறைகளில் அவர்களுள் 48 பேருக்கே இடமுண்டு. எனவே ஐந்து அறைகள் தேவை. ஒவ்வோர் அறையிலும் கறுப்பு இருக்கைகளில் 12 பௌதிக மாணாக்கரை அமர்த்தி, அரசியல், கணக்குப்பதிவு எழுதும் 36 பேரை வெள்ளை இருக்கைகளில் நான்கு அறைகளுக்கு ஏழேழு பேராகவும், ஓர் அறைக்கு எட்டுப் பேராகவும் பகிர்ந்துவிடலாம்.

அறைகளின் தேவையைக் கணக்கிடும்போது, மொத்தத்தை 24-ஆலும், அதிகமானோர் எழுதும் பாடத்தின் தொகையை 12-ஆலும் வகுத்து, மேல் முழு எண்ணாக்கி, இரண்டினுள் பெரியதைக் கொள்ளவேண்டும். ஆங்கிலத்திற்கு 96-ஐ 12-ஆல் வகுக்க எட்டு அறைகள் வேண்டும். வெள்ளை இருக்கைகள் வீணாகாதிருக்க, அதே வேளையில் வேறொரு வகுப்பின் பரீட்சையை வைத்து, அவ்வகுப்பினரை வெள்ளை இருக்கைகளில் அமர்த்துவது வழக்கம். அப்பொழுது எட்டு அறைகளே இரு வகுப்புகளுக்கும் பயன்படும்.

7. பிழைகளும் சோதனையும்

பிழைகளுள் முதலாவது, பாடத்தின் பெயரை மட்டும் நம்புவது. மத்திய வாரியத்தில் கணிதத்திற்கு 041 என்றும், பயன்பாட்டுக் கணிதத்திற்கு 241 என்றும் வேறு குறியெண்கள் உள்ளன. இந்தியிலும் இவ்வாறே இருவகைப் பாடங்கள் உண்டு. பெயர்ப் பட்டியலில் வெறுமனே 'கணிதம்' என்றிருந்தால், வினாத்தாள் தொகையும் இருக்கைத் தொகையும் பிசகும். ஆகவே குறியெண்ணைக் கொண்டே எண்ணவேண்டும்.

இரண்டாவது, அட்டவணை அமைந்தபின் நேரும் பாட மாற்றம். 'ஈ' தொகுதி மாணாக்கர் ஒருவர் கணிதத்தை விட்டுக் கணினியியலை எடுத்துக்கொண்டார் என்போம். அவர் பொருளாதாரமும் எழுதுகிறார். இரண்டும் வேளை 2-இல் உள்ளன. இதுவரை மோதாதிருந்த இரு பாடங்கள் ஒருவர் பொருட்டு மோதுகின்றன. கணினியியலுக்கு வேறு இடம் தேடினால், முதல் ஐந்து வேளைகளும் அதற்கு அடைபட்டுள்ளன. உயிரியல் உள்ள வேளை 6 மட்டும் ஏற்புடையது. அங்கு மாற்றினால் மோதல் நீங்கிவிடும். ஆனால் வேலை அதோடு முடிவதில்லை. வேளை 3, வேளை 6 இரண்டையும் எழுதுவோர் இப்பொழுது 9 அல்லர். 'அ' தொகுதியினர் 30 பேரும் சேர்ந்து 39 பேர். ஆகையால் வேளை 3-ஐ மறு திங்களுக்கும், வேளை 2-ஐப் புதனுக்கும் மாற்றவேண்டும். வேளை 2, வேளை 6 இரண்டையும் எழுதுவோர் 'ஆ' தொகுதியினர் 18 பேரும் மாற்றம் செய்துகொண்ட அந்த ஒருவருமாக 19 பேரே. மாற்றம் ஒவ்வொன்றின் பின்னரும் மோதலையும், நாள் இடைவெளியையும், அறைத் தேவையையும் மறுபடி கணக்கிடவேண்டும் என்பதை இது காட்டுகிறது.

இறுதிச் சோதனையை அட்டவணையிலிருந்து தொடங்காமல் மாணாக்கரிடமிருந்து தொடங்கவேண்டும். ஒவ்வொரு பதிவெண்ணுக்கும் எதிரே அவருடைய ஐந்து பாடங்களின் வேளை எண்களை எழுதுக. ஐந்தும் வெவ்வேறு எண்களாக இருத்தல் வேண்டும்; ஏதேனும் ஓர் எண் இருமுறை வந்தால் அதுவே மோதல். பின்னர் ஒவ்வொரு வேளையின் இருக்கைப் பட்டியலிலும் ஒவ்வொரு பதிவெண்ணும் ஒரே ஒருமுறை வருகிறதா என்றும், பாடவாரியான தொகை பதிவுத் தொகையோடு ஒத்துள்ளதா என்றும் பார்க்கவேண்டும். அட்டவணையைத் தயாரித்தவரே இச்சோதனையைச் செய்யாமல் வேறோர் ஆசிரியர் செய்வது நலம். 96 பெயர்களுக்கு இது ஒரு பிற்பகல் வேலை. 'எ' தொகுதியின் மூவரைப் போன்றோர் பிரிவுத் தொகைகளில் புலப்படுவதில்லை. பெயர் பெயராகப் பார்க்கும் இச்சோதனையில்தான் புலப்படுவர்.

பயிற்சி

'இ' தொகுதி மாணாக்கர் ஒன்பதின்மரும் உயிரியலை விட்டுக் கணினியியலை எடுத்துக்கொண்டதாகக் கொள்க. மற்ற மாற்றம் எதுவும் இல்லை. இப்பொழுது ஐந்து வேளைகள் போதுமா? (குறிப்பு: உயிரியலும் கணிதமும் இனி மோதுவதில்லை. இந்தி பொருளாதாரத்தின் வேளையிலேயே இருக்க, உயிரியலை எந்த வேளையில் சேர்க்கலாம் என்று பார்க்க.)